கல்லூரி விழா கேன்ட் சார்ட்: 60 நாள் வேலையை 48 நாளுக்குள் எப்படி அடக்குவது?

மதுரை எம்பிஏ

வணக்கம். ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் பாடத்தில் குழு அசைன்மென்ட் கொடுத்திருக்கிறார்கள். வெளிக் கல்லூரி மாணவர்களும் கலந்துகொள்ளும் இரண்டு நாள் கலைவிழாவுக்கு, வேலைகளைப் பட்டைகளாகக் காட்டும் கேன்ட் சார்ட் போட்டு, மொத்த நாளைத் தீர்மானிக்கும் வேலை வரிசையான கிரிட்டிகல் பாத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வேலைகளையும் நாட்களையும் எங்கள் குழுவே பேசி முடிவு செய்தது. எல்லாம் வேலை நாட்கள்.

1. முதல்வர் அனுமதி, பட்ஜெட்: 5 நாள்
2. ஸ்பான்சர் பிடித்தல்: 20 நாள் (1 முடிந்த பிறகு)
3. சிறப்பு விருந்தினர், இசைக்குழு புக்கிங்: 6 நாள் (2 முடிந்த பிறகு, அட்வான்ஸ் பணம் வேண்டும்)
4. போஸ்டர் டிசைன், அச்சு: 7 நாள் (3 முடிந்த பிறகு)
5. வெளிக் கல்லூரிகளுக்கு அழைப்பு, பதிவு: 15 நாள் (4 முடிந்த பிறகு)
6. போலீஸ் அனுமதி, மைக்செட் அனுமதி: 10 நாள் (3 முடிந்த பிறகு)
7. மேடை, சவுண்ட், லைட் ஒப்பந்தம்: 5 நாள் (2 முடிந்த பிறகு)
8. மேடை போடுதல்: 3 நாள் (6, 7 இரண்டும் முடிந்த பிறகு)
9. போட்டி அட்டவணை, நடுவர்கள்: 4 நாள் (5 முடிந்த பிறகு)
10. வாலண்டியர் தேர்வு, பயிற்சி: 8 நாள் (1 முடிந்த பிறகு)
11. ஒத்திகை, சவுண்ட் செக்: 1 நாள் (8, 9, 10 முடிந்த பிறகு)
12. விழா: 2 நாள் (11 முடிந்த பிறகு)

எக்செல்லில் போட்டதில் மொத்தம் 60 நாள் வந்தது. சிக்கல் இரண்டாவது கேள்வியில்தான். விழாவுக்கு இன்னும் 48 வேலை நாள்தான் இருக்கிறது, 12 நாளை எங்கே குறைப்பீர்கள், குறைத்த பிறகு கிரிட்டிகல் பாத் எது என்று கேட்டிருக்கிறார்கள். குழுவில் ஒருத்தர் போலீஸ் அனுமதியைக் குறைக்கலாம் என்கிறார், இன்னொருத்தர் எல்லா வேலையிலும் ஒவ்வொரு நாள் குறைத்தால் 12 ஆகிவிடும் என்கிறார். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

எக்செல் பிரியன்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சார்ட்டில் எது நீளமான பட்டையோ அதுதான் கிரிட்டிகல். ஸ்பான்சர் 20 நாள். அதை 8 ஆக்குங்கள். நாலு பேர் போகிற இடத்தில் பத்துப் பேரை அனுப்புங்கள். 60 கழித்தல் 12, சரியாக 48. முடிந்தது.

பழைய கல்ச்சுரல் செக்ரட்டரி

போலீஸ் அனுமதி என்று சொன்ன உங்கள் குழு ஆள்தான் விவரமானவர். நான் படித்தபோது விழா நடத்தியிருக்கிறேன், அந்தக் கடிதத்துக்கு அலைந்த அலைச்சல் இன்னும் மறக்கவில்லை. விருந்தினர் யார், எவ்வளவு கூட்டம் வரும், வெளி ஆட்கள் உண்டா, வண்டிகள் எங்கே நிற்கும், நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடியும், எல்லாம் கேட்பார்கள். திறந்தவெளி மேடை என்றால் ராத்திரி 10 மணிக்கு மேல் மைக் ஓடக்கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளிலேயே இருக்கிறது. இசைக்குழுவோ எட்டரைக்குத்தான் மேடை ஏறும். அட்டவணையைத் திருத்தித் திரும்பக் கொடுக்கச் சொன்னார்கள். அதனால் 10 நாள் என்பதை ஆள் பிடித்து 5 ஆக்கப் பாருங்கள், மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

கட்டுமான பிளானர்

நான் கட்டட ப்ராஜெக்ட்களில் பிளானிங் வேலை பார்க்கிறேன். மேலே சொன்ன இரண்டு யோசனைகளையும் உங்கள் எண்களிலேயே போட்டுப் பார்ப்போம்.

முதலில் முன்னோக்கிக் கணக்கு. அனுமதி 5ஆம் நாள் முடிகிறது. ஸ்பான்சர் 25. புக்கிங் 31. இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் போஸ்டர் 38, பதிவு 53, அட்டவணை 57. இன்னொரு பக்கம் போலீஸ் அனுமதி 41. மேடை போட 6, 7 இரண்டும் வேண்டும். ஒப்பந்தம் 30லேயே முடிந்துவிட்டது, ஆனாலும் 41 வரை காத்திருக்கத்தான் வேண்டும், ஏனென்றால் இரண்டில் தாமதமானதுதான் கணக்கு. ஆக மேடை 44. ஒத்திகைக்கு மேடை 44இல் தயார், வாலண்டியர்கள் 13இல் தயார், அட்டவணையோ 57இல்தான் வருகிறது. ஒத்திகை 58, விழா முடிவு 60. ஆக கிரிட்டிகல் பாத் அனுமதி, ஸ்பான்சர், புக்கிங், போஸ்டர், பதிவு, அட்டவணை, ஒத்திகை, விழா.

இப்போது கடைசியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். ஒத்திகை 57க்குப் பிறகுதான் தொடங்கும் என்றால் மேடை 57க்குள் முடிந்தால் போதும். அது 44இலேயே முடிகிறது, 13 நாள் மிச்சம். போலீஸ் அனுமதிக்கும் அதே 13 நாள்தான். செக்ரட்டரி சொன்னபடி 10 நாளை 5 ஆக்கினால் என்ன ஆகும்? மேடை 39இலேயே தயாராகி, அட்டவணைக்காக 57 வரை சும்மா நிற்கும். விழா ஒரு நாள்கூட முன்னால் வராது. எல்லாவற்றிலும் ஒவ்வொரு நாள் குறைக்கலாம் என்றாரே, அதிலும் இதே கோளாறுதான். பாதையில் எட்டு வேலைகள்தான் இருக்கின்றன. ஒத்திகையே ஒரு நாள், அதைக் குறைத்தால் ஒத்திகையே இல்லை. விழாவை ஒரு நாளாக்க முதல்வர் ஒத்துக்கொள்ளமாட்டார். மிச்சம் ஆறு நாள்தான் லாபம்.

எக்செல் பிரியனுக்கு: கூட்டல் கழித்தல் சரி, காரணம் தப்பு. ஸ்பான்சர் வேலை பாதையில் இருப்பது அது நீளமாக இருப்பதால் அல்ல. இந்தச் சார்ட்டிலேயே 10 நாள் போலீஸ் அனுமதி பாதையில் இல்லை, 1 நாள் ஒத்திகை இருக்கிறது. பட்டைகளை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. ஹென்றி கேன்ட் 1910களில் இந்த மாதிரிச் சார்ட்டுகளைப் பரப்பியபோது எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று காட்டும் கோடுகள் அவற்றில் இல்லை. கிரிட்டிகல் பாத் கணக்கு 1957வாக்கில் டூபான்ட் கம்பெனியில்தான் வந்தது. உங்கள் எக்செல் பட்டை இன்னும் 1910களில்தான் நிற்கிறது.

பத்துப் பேரை அனுப்பினால் ஸ்பான்சர் எட்டு நாளில் வரும் என்பதிலும் எனக்குச் சந்தேகம். கடைக்காரர் "மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லும் அந்த ஒரு வாரத்தை எத்தனை பேர் போய் நின்றாலும் குறைக்க முடியாது.

எம்பிஏவுக்கு ஒரே கேள்வி. நாட்களை விடுங்கள், அடைப்புக்குள் இருக்கும் "முடிந்த பிறகு"களைப் பாருங்கள். போஸ்டர் ஏன் புக்கிங்குக்காகக் காத்திருக்கிறது?

மதுரை எம்பிஏ

போஸ்டரில் விருந்தினர் படமும் ஸ்பான்சர் லோகோவும் வர வேண்டுமே சார்.

கட்டுமான பிளானர்

சரி. ஆனால் வெளிக் கல்லூரி மாணவர் பதிவு செய்ய அந்தப் படம் வேண்டுமா? அவருக்குத் தெரிய வேண்டியது தேதி, என்னென்ன போட்டிகள், பரிசுத்தொகை, பதிவுக் கட்டணம். இது எல்லாமே முதல்வர் அனுமதி வந்த அன்றே தெரியும். போஸ்டரை இரண்டாக உடைத்துப் பாருங்கள்.

தென்காசிக்காரர்

எங்கள் வீட்டில் தை மாதம் கல்யாணம். மண்டபம், பத்திரிகை, சமையல் எல்லாம் இப்படிச் சார்ட் போட்டால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. இதற்கு இலவச சாஃப்ட்வேர் ஏதாவது உண்டா? விழாவுக்கு ஈவென்ட் ஆட்களிடம் மொத்தமாகக் கொடுத்துவிடுவது சுலபம் இல்லையா?

எக்செல் பிரியன்

GanttProject, ProjectLibre இரண்டும் இலவசம்தான் அண்ணா. கல்யாணத்துக்கு முகூர்த்தத் தேதி நகராது, அதனால் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். மொத்தமாகக் கொடுத்தால் இவர்களுக்கு மார்க் யார் போடுவது!

மதுரை எம்பிஏ

உடைத்துப் பார்த்தேன். முதல் போஸ்டர் 7 நாள், அனுமதி வந்த உடனே. அதை வைத்துப் பதிவு தொடங்குகிறது. விருந்தினர் படம், லோகோ சேர்த்த இரண்டாவது போஸ்டர் 3 நாள், புக்கிங் முடிந்த பிறகு. டிசைன் ஏற்கெனவே இருப்பதால் 3 போதும் என்று வைத்தோம்.

இப்போது முதல் போஸ்டர் 12, பதிவு 27, அட்டவணை 31இல் முடிகிறது. மேடை அதே 44. ஒத்திகை 45, விழா முடிவு 47! எந்த வேலையிலும் ஆள் கூட்டவில்லை, செலவும் இரண்டாவது அச்சுக்கூலி மட்டும்தான். கிரிட்டிகல் பாத் இப்போது அனுமதி, ஸ்பான்சர், புக்கிங், போலீஸ் அனுமதி, மேடை, ஒத்திகை, விழா. அட்டவணைப் பக்கம் 13 நாள் மிச்சம். இரண்டாவது போஸ்டருக்கும் 13 நாள் மிச்சம் வருகிறது. சரியா?

பழைய கல்ச்சுரல் செக்ரட்டரி

போலீஸ் அனுமதி! நான் அப்போதே சொன்னேன். சுற்றிச் சுற்றி இங்கேதானே வந்தீர்கள்.

கட்டுமான பிளானர்

செக்ரட்டரி, பழைய சார்ட்டில் நீங்கள் சொன்னது பயனில்லை, புதுச் சார்ட்டில் பயன் உண்டு. உங்கள் கல்லூரியில் அன்றைக்கு விழா நடந்த விதம் அநேகமாக இந்தப் புதுச் சார்ட் மாதிரி இருந்திருக்கும். பதிவு முதலிலேயே ஓடிக்கொண்டிருக்கும், கடைசியில் கடிதம் மட்டும் பாக்கி நிற்கும்.

எம்பிஏ, 47 சரி. அட்டவணையின் 13 நாளும் சரி. ஆனால் முதல் போஸ்டர், பதிவு, அட்டவணை மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 13. பதிவை 13 நாள் நீட்டித்துவிட்டு, அட்டவணைக் குழுவிடமும் "உங்களுக்கு 13 நாள் இருக்கிறது" என்று சொல்லிவிடாதீர்கள். ஒருவர் செலவழித்தால் அடுத்தவருக்கு இல்லை.

இரண்டாவது போஸ்டரின் 13 மட்டும் தப்பு. அதற்குப் பின்னால் எந்த வேலையையும் நீங்கள் இணைக்கவில்லை என்று நினைக்கிறேன். அடுத்த வேலை இல்லாத எதையும் கணக்கு ப்ராஜெக்ட்டின் கடைசி நாள் வரை தள்ளிவிடும். அது 34இல் முடிகிறது, 47இல் கழித்தால் 13. அதாவது விழாவின் இரண்டாம் நாள் சாயங்காலம் போஸ்டர் அச்சகத்திலிருந்து வந்தாலும் போதும் என்கிறது உங்கள் சார்ட். அதை விழாவோடு இணையுங்கள். விழா 45க்குப் பிறகு தொடங்குகிறது, ஆக 11 நாள். போஸ்டர் சுவரில் ஒரு வாரமாவது இருக்க வேண்டும் என்றால் இன்னும் குறையும்.

வகுப்பெடுப்பவர்

நான் பல வருடம் இந்தப் பாடம் நடத்தியவள். பிளானர் காட்டிய வழி நடைமுறையில் நல்லது, ஆனால் விடைத்தாளில் கவனம் வேண்டும். 12 நாளை எங்கே குறைப்பீர்கள் என்று கேட்டால் சில ஆசிரியர்கள் எதிர்பார்ப்பது செலவோடு சேர்த்து நாளைக் குறைப்பது, அதாவது எந்த வேலையை ஒரு நாள் குறைக்க எவ்வளவு பணம் என்ற கணக்கு. வரிசையை மாற்றினால் "கொடுத்த கணக்கை மாற்றிவிட்டாய்" என்று மார்க் குறைப்பவர்களும் உண்டு. உங்கள் கேள்வியில் செலவு அட்டவணை கொடுத்திருக்கிறார்களா?

மதுரை எம்பிஏ

இல்லை மேடம். வேலைப் பட்டியலே எங்களுடையதுதான்.

வகுப்பெடுப்பவர்

அப்படியானால் மாற்றலாம். முதல் சார்ட், இரண்டாவது சார்ட் இரண்டையும் வையுங்கள், போஸ்டரை உடைத்த காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள்.

இன்னொன்று. முதல் சார்ட்டில் மேடை 44இல் முடிகிறது என்றால் பட்டை 42ஆம் நாளில் தொடங்கும். விழாவோ 59ஆம் நாள். இரண்டு வாரத்துக்கு மேல் மேடையையும் பந்தலையும் வாடகைக்கு நிறுத்தி வைப்பீர்களா? மழை, வாட்ச்மேன், தினசரி வாடகை, அதே மைதானத்தில் பிள்ளைகளின் விளையாட்டு வகுப்பு. எல்லா வேலையையும் முடிந்தவரை சீக்கிரம் தொடங்குவது என்பது கணக்கின் பழக்கம்தான். மேடை மாதிரி வேலையை முடிந்தவரை பிந்தித் தொடங்குவதாகச் சார்ட்டில் வரைய வேண்டும். அதைச் செய்கிறவர்கள் குறைவு, செய்தால் நானே கூடுதல் மார்க் போடுவேன்.

எக்செல் பிரியன்

தேதி போடும்போது ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், இதில் நான் அடிபட்டிருக்கிறேன். WORKDAY ஃபார்முலா சனி, ஞாயிறு இரண்டையும் விடுமுறையாக எடுக்கும். உங்கள் கல்லூரி சனிக்கிழமை வேலை செய்தால் 47 நாள் என்பது காலண்டரில் ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போகும். இப்படிப் போடுங்கள்:

```
=WORKDAY.INTL(B2, C2-1, 11, $H$2:$H$10)
```

B2 தொடங்கும் தேதி, C2 நாட்கள், 11 என்றால் ஞாயிறு மட்டும் விடுமுறை, H பத்தியில் பொங்கல் மாதிரி விடுமுறைத் தேதிகள். 1 கழிக்காவிட்டால் ஒவ்வொரு வேலையும் ஒரு நாள் நீளும். அடுத்த வேலையின் தொடக்கத்துக்கு இதே ஃபார்முலாவில் C2-1 இருக்கும் இடத்தில் C2 போதும்.

மதுரை எம்பிஏ

நன்றி அண்ணா. ஏற்கெனவே WORKDAYதான் போட்டிருந்தோம், மாற்றிவிட்டேன்.

போஸ்டர் மாதிரி போலீஸ் அனுமதியையும் முன்னால் இழுத்தால் என்ன என்று குழுவில் ஒருத்தர் கேட்டார். முதல்வர் அனுமதி வந்ததும் தேதி, இடம், கூட்டம் மட்டும் சொல்லி விண்ணப்பித்தால் 15இலேயே முடிகிறது. போட்டுப் பார்த்தேன், விழா 36ஆம் நாளே முடிகிறது! ஆனால் கிரிட்டிகல் பாத் இரண்டு வருகிறது. அனுமதி, ஸ்பான்சர், மேடை ஒப்பந்தம், மேடை, ஒத்திகை, விழா என்று ஒன்று. அனுமதி, ஸ்பான்சர், புக்கிங், இரண்டாவது போஸ்டர், விழா என்று இன்னொன்று. இரண்டும் 36. இப்படி வரலாமா, எங்கேயாவது தப்பா?

கட்டுமான பிளானர்

தப்பில்லை, இரண்டு பாதை வரலாம். இனி ஒரு பாதையை மட்டும் குறைத்தால் விழா நகராது, மற்றது பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் பொதுவாக நடுவில் இருப்பது ஸ்பான்சர். எக்செல் பிரியன் சந்தோஷப்படலாம், ஆனால் அளவோடு. ஸ்பான்சரை 20இலிருந்து 18 ஆக்கினால் 34. அதற்குக் கீழே எவ்வளவு குறைத்தாலும் 34தான், ஏனென்றால் முதல் போஸ்டர், பதிவு, அட்டவணை வழியாக வரும் பாதை 34. உங்கள் 8 நாள் இங்கே எடுபடாது.

பழைய கல்ச்சுரல் செக்ரட்டரி

கணக்கெல்லாம் சரி தம்பி, காகிதத்தில் சரி. விருந்தினர் பெயர் இல்லாமல் விண்ணப்பம் கொடுத்தால் என்ன சொல்வார்கள் தெரியுமா? "முழு விவரத்தோடு வாங்க." சினிமா முகம் யாராவது வருகிறார் என்றால் பாதுகாப்பு வேறு, பேராசிரியர் வருகிறார் என்றால் வேறு. பெயர் தெரியாமல் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

வகுப்பெடுப்பவர்

அது ஊருக்கு ஊர், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாறும். நான் பார்த்த விழாக்களில் முதலில் தேதி, இடம் சொல்லிக் கடிதம் கொடுத்துவிட்டு, விருந்தினர் விவரத்தைப் பிறகு சேர்த்ததுண்டு. அப்படியென்றால் போஸ்டர் மாதிரியே இதையும் இரண்டாக உடைக்க வேண்டும், புக்கிங்குக்குப் பிறகு இரண்டாவது கடிதத்துக்கு சில நாட்கள் கொடுக்க வேண்டும். அப்போது 36 நிற்காது.

கட்டுமான பிளானர்

உண்மை. அந்த இரண்டாவது கடிதத்துக்கு 4 நாள் என்று வையுங்கள். புக்கிங் 31, கடிதம் 35, மேடை 38, ஒத்திகை 39, விழா 41. மறுபடி ஒரே பாதை, மறுபடி போலீஸ் வழியாக. 48க்கு 7 நாள் கையில் இருக்கும். 47 நாள் சார்ட்டில் இருப்பதோ ஒரே நாள். புக்கிங்கில் விருந்தினர் தேதி மாற்றினாலே அது போய்விடும்.

பழைய கல்ச்சுரல் செக்ரட்டரி

4 நாளா? வாய்ப்பே இல்லை.

மதுரை எம்பிஏ

நாளைக்குக் குழுவில் ஒருத்தரை ஸ்டேஷனுக்கே அனுப்பிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். கிடைக்கும் பதிலைப் பொறுத்து 47 சார்ட்டா, 41 சார்ட்டா என்று முடிவு செய்கிறோம். எதுவானாலும் மேடையைப் பிந்தித் தொடங்கி, இரண்டாவது போஸ்டரை விழாவோடு இணைத்துவிடுகிறேன்.

ஒரு சந்தேகம் பாக்கி. பதிவுக்கு 15 நாள் போட்டோம், ஆனால் எல்லோரும் கடைசி மூன்று நாளில்தான் பதிவு செய்வார்கள் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் அதை 8 நாளாக்கலாமா?

வகுப்பெடுப்பவர்

8 ஆக்கினாலும் கடைசி மூன்று நாளில்தான் வருவார்கள். ஆனால் வெளியூர்க் கல்லூரியில் ஒரு அணி தங்கள் துறைத்தலைவரிடம் ஆன்-டியூட்டி அனுமதி வாங்க வேண்டும், அதற்கு அழைப்புக் கடிதம் முன்னாலேயே போய்ச் சேர வேண்டும். நான் 15ஐத் தொடமாட்டேன்.

எக்செல் பிரியன்

நான் 10 ஆக்குவேன். எந்தச் சார்ட்டிலும் அது இப்போது பாதையில் இல்லையே, ஏன் சண்டை?

கட்டுமான பிளானர்

பாதையில் இல்லை என்பதால்தான் 15ஐ அப்படியே விடலாம். குறைத்து என்ன லாபம்?